கல்லூரி வானொலியிலிருந்து முதலிடம் வரை: ஆல்டர்நேட்டிவ் ராக் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதத்தில் ஒரு ஞாயிறு நண்பர்கள் சிலர் கூடிப் பழைய ராக் ஆல்பங்களை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை கேட்கிறோம். எண்பதுகளின் பிற்பகுதி, தொண்ணூறுகளின் அமெரிக்க பேண்டுகள் வரும்போதெல்லாம் புதிதாக வருகிறவர்கள் ஒரே மாதிரியான சந்தேகங்களைக் கேட்கிறார்கள். வாயால் சொல்லிச் சொல்லி ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்றை விட்டுவிடுகிறேன். அதனால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

ஆல்டர்நேட்டிவ்னா எதுக்கு ஆல்டர்நேட்டிவ்? அது ஒரு தனி ஸ்டைலா?

தொடக்கத்தில் அது ஒலியின் பெயர் அல்ல, வழியின் பெயர். எண்பதுகளில் அமெரிக்காவில் ஒரு ராக் பேண்டு மக்களிடம் போய்ச் சேர ஒரு ராஜபாட்டை இருந்தது: பெரிய ரெக்கார்ட் கம்பெனி, வணிக எஃப்.எம். வானொலி, எம்.டி.வி., பெரிய அரங்கம். அந்தப் பாட்டையில் இடம் கிடைக்காத பேண்டுகள் வேறொரு பாதையில் போயின. சின்ன கம்பெனி, கல்லூரி வானொலி, இருநூறு பேர் நிற்கக்கூடிய கிளப், கையால் அச்சடித்த பத்திரிகை. அந்த மாற்றுப் பாதையில் வந்தவர்களைத்தான் முதலில் காலேஜ் ராக் என்றார்கள், பிறகு ஆல்டர்நேட்டிவ் என்றார்கள்.

அதனால்தான் ஆர்.இ.எம். பேண்டின் மணியோசை மாதிரியான கிட்டாரும் சவுண்ட்கார்டன் பேண்டின் கனத்த கிட்டாரும் ஒரே பெயருக்குள் அடங்குகின்றன. காதுக்கு இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. ஏறி வந்த படி ஒன்று.

காலேஜ் ரேடியோன்னா ஹாஸ்டல் ஸ்பீக்கர்ல பாட்டுப் போடுறதா?

இல்லை, உரிமம் பெற்ற உண்மையான வானொலி. அமெரிக்காவில் எஃப்.எம். அலைவரிசையின் அடிப்பகுதி, அதாவது 88 முதல் 92 மெகாஹெர்ட்ஸ் வரை, விளம்பரம் இல்லாத ஒலிபரப்புக்கு ஒதுக்கப்பட்டது. கல்லூரிகள் அதில் இடம் பிடித்தன. பல நிலையங்கள் வெறும் 10 வாட் திறனில் ஓடின. அந்தக் காலத்து மேசை விளக்கின் பல்புக்குக்கூட அதைவிட அதிக மின்சாரம் வேண்டியிருந்தது. வளாகத்தையும் பக்கத்துத் தெருக்களையும் தாண்டினால் இரைச்சல்தான்.

1978-இல் ஒலிபரப்பு ஆணையம் ஒரு விதி கொண்டுவந்தது. 10 வாட் நிலையங்களுக்கு இனி அலைவரிசைப் பாதுகாப்பு கிடையாது, அது வேண்டுமென்றால் குறைந்தது 100 வாட்டுக்கு மாறியாக வேண்டும். பல கல்லூரிகள் முட்டி மோதிப் பணம் திரட்டி மாறின. அதனால் எண்பதுகள் தொடங்கியபோது அந்த நிலையங்கள் வளாகத்தைத் தாண்டி ஊருக்குள் கேட்க ஆரம்பித்தன. பங்க் ராக் அலை அடித்து ஓய்ந்து, புதிய பேண்டுகள் ஊருக்கு ஊர் முளைத்த காலமும் அதுதான். இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தது இந்த இசைக்குக் கிடைத்த அதிர்ஷ்டம் என்பேன்.

பெரிய ரேடியோ ஸ்டேஷன்ல ஏன் இவங்க பாட்டைப் போடல? நல்லா இல்லாததாலயா?

வணிக ராக் வானொலியில் பாட்டைத் தேர்ந்தெடுத்தவர் மைக் முன்னால் உட்கார்ந்தவர் அல்ல. ஆலோசகர்கள் தயாரித்த குறுகிய பாட்டுப் பட்டியல் ஊர் ஊராகப் போனது. சோதித்துப் பார்த்துத் தேறிய சில பாட்டுகள்தான் திரும்பத் திரும்ப ஓடின. தெரியாத பாட்டு வந்ததும் கேட்பவர் ஸ்டேஷனை மாற்றினால் விளம்பர வருமானம் போய்விடும் என்ற பயம் அவர்களுக்கு. அதோடு, புதிய பாட்டை வானொலியில் ஏற்றித் தருவதற்கென்றே தரகர்கள் இருந்தார்கள். அவர்களுக்குக் கொடுக்கிற பணம் பெரிய கம்பெனிகளிடம் மட்டுமே இருந்தது.

கல்லூரி நிலையத்தில் விளம்பரமும் இல்லை, தரகரும் இல்லை. இரவு இரண்டு மணிக்கு ஒரு மாணவர் தபாலில் வந்த இசைத்தட்டைப் பிரித்து, ஊசியை வைத்து, பிடித்திருந்தால் அப்போதே ஒலிபரப்பிவிடலாம். வாஷிங்டன் மாநிலத்தில் ஒலிம்பியா என்ற ஊரின் எவர்கிரீன் கல்லூரியில் கே.ஏ.ஓ.எஸ். என்ற நிலையம் இருந்தது. அங்கே சுயேச்சைக் கம்பெனிகளின் தட்டுகளுக்கு முதுகில் பச்சைக் கோடு போட்டு அடுக்கினார்கள். ஒலிபரப்பும் இசையில் 80 விழுக்காடு அந்தப் பச்சைக் கோட்டுத் தட்டுகளிலிருந்து வர வேண்டும் என்பது அங்கே விதி. அலமாரியைப் பார்த்தாலே எதை எடுக்க வேண்டும் என்று கைக்குத் தெரிந்துவிடும். இந்த நிலையத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

சரி, நாலு தெருவுக்குக் கேட்கிற ஸ்டேஷன்ல ஓடினா என்ன பெரிய லாபம்?

ஒரு நிலையத்தால் ஒன்றும் ஆகாது. நூற்றுக்கணக்கான நிலையங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டபோதுதான் பலம் வந்தது. 1978-இல் சி.எம்.ஜே. என்ற பத்திரிகை தொடங்கியது. நாடு முழுவதும் உள்ள கல்லூரி நிலையங்கள் அதிகம் ஒலிபரப்பிய தட்டுகளின் பட்டியலை அதற்கு அனுப்பின. அவற்றைத் தொகுத்து ஒரு தரவரிசை வந்தது. அதன்பின் ஒரு சின்ன கம்பெனி எந்த ஊரில் நம் பேண்டைக் கேட்கிறார்கள் என்று மேசையில் உட்கார்ந்தபடியே தெரிந்துகொள்ளலாம்.

அப்படித் தெரிந்த ஊர்களைக் கோடு போட்டு இணைத்தால் அதுதான் சுற்றுப்பயண வரைபடம். வேனில் கிட்டாரையும் டிரம்மையும் ஏற்றிக்கொண்டு கிளம்புவார்கள். பகலில் கல்லூரி வானொலியில் போய்ப் பேசுவார்கள், இரவில் அதே ஊர் கிளப்பில் வாசிப்பார்கள், கச்சேரி முடிந்ததும் கதவோரம் நின்று தட்டு விற்பார்கள். அன்று தூங்குவது பெரும்பாலும் யாரோ ஒரு ரசிகரின் வீட்டுத் தரையில். மினியாபொலிஸில் செவன்த் ஸ்ட்ரீட் என்ட்ரி, தலைநகர் வாஷிங்டனில் 9:30 கிளப், ஹோபோக்கனில் மேக்ஸ்வெல்ஸ், ஜார்ஜியா மாநிலத்து ஏதென்ஸில் 40 வாட் கிளப் என்று நிறுத்தங்கள் ஏறக்குறைய நிலையாகவே இருந்தன. வானொலி இல்லாவிட்டால் கிளப்பில் ஆள் வராது. கிளப் இல்லாவிட்டால் வானொலியில் கேட்டவருக்கு அந்தப் பேண்டு வெறும் பெயர்தான்.

ஆர்.இ.எம்.தான் எல்லாத்துக்கும் முன்னோடின்னு சொல்றாங்களே, அப்படி என்ன பண்ணாங்க?

இந்தப் பாதையில் கீழ்ப்படியிலிருந்து மேல்படி வரை ஒன்றையும் தாண்டிக் குதிக்காமல் ஏறிக் காட்டினார்கள். 1980-இல் ஜார்ஜியா மாநிலத்தின் ஏதென்ஸ் என்ற பல்கலைக்கழக ஊரில் சேர்ந்தார்கள். கிட்டாரிஸ்ட் பீட்டர் பக் தட்டுக் கடையில் வேலை பார்த்தவர். பாடகர் மைக்கேல் ஸ்டைப் அந்தக் கடைக்கு வந்த வாடிக்கையாளர், கலை மாணவர். 1981-இல் 'ரேடியோ ஃப்ரீ யூரோப்' என்ற சிங்கிளை, அதாவது ஒரு பாட்டை முன்வைத்து வரும் சின்னத் தட்டை, ஹிப்டோன் என்ற சின்னஞ்சிறு கம்பெனி வெளியிட்டது. கல்லூரி வானொலிகள் அதைப் பிடித்துக்கொண்டன. அப்புறம் ஐ.ஆர்.எஸ். என்ற நடுத்தர கம்பெனி, ஆண்டுக்கு ஓர் ஆல்பம், ஓயாத பயணம்.

அமெரிக்க ஆல்பம் தரவரிசையில் அவர்கள் பிடித்த இடங்களை வரிசையாகப் பாருங்கள். 1983-இல் 36, அடுத்த ஆண்டு 27, பிறகு 28, பிறகு 21, 1987-இல் 10. ஒரே இரவில் நடந்தது எதுவும் இல்லை. ஒவ்வொரு முறையும் போன தடவை வந்தவர் இன்னொரு நண்பரைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார் என்பதுதான் அந்த எண்களின் பொருள். 1988-இல் வார்னர் என்ற பெரிய கம்பெனிக்கு மாறினார்கள். 1991-இல் 'அவுட் ஆஃப் டைம்' முதலிடத்துக்கு வந்தது. மேண்டலினை முன்னால் வைத்த 'லூசிங் மை ரிலிஜன்' சிங்கிள் வரிசையில் நான்காம் இடம் வரை போனது. அதே ஆண்டின் பிற்பகுதியில் பெரும் புகழ் பெற்ற நிர்வாணா பேண்டுக்கு முன்பே கதவு பாதி திறந்திருந்தது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

ரீப்ளேஸ்மென்ட்ஸ், ஹஸ்கர் டூ எல்லாம் பெரிய கம்பெனிக்கு முன்னாடியே போனாங்களே. அவங்க ஏன் ஹிட் ஆகல?

ரீப்ளேஸ்மென்ட்ஸின் முதல் பெரிய கம்பெனி ஆல்பம் 1985-இல் வந்தது, ஹஸ்கர் டூவினுடையது 1986-இல். இரண்டு பேண்டுகளும் மினியாபொலிஸ் பக்கத்தவை, கிளப்பில் தீயாக வாசித்தவை. ஆனால் கம்பெனியிடம் ஏணியின் நடுப்படி இல்லை. கீழே கல்லூரி வானொலி, மேலே வணிக வானொலி, இடையில் பள்ளம். தட்டைக் கடையில் அடுக்கக் கம்பெனியால் முடிந்தது. வானொலியில் ஏற்ற முடியவில்லை.

நடுப்படி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கட்டப்பட்டது. 1986-இல் எம்.டி.வி. ஞாயிறு நள்ளிரவில் '120 மினிட்ஸ்' என்ற நிகழ்ச்சியை ஆரம்பித்தது. லாஸ் ஏஞ்சல்ஸில் கே-ராக் மாதிரிச் சில வணிக நிலையங்கள் புதிய பேண்டுகளைப் போட்டு, அதில் விளம்பர வருமானமும் பார்த்தன. 1988 செப்டம்பரில் பில்போர்டு பத்திரிகை அத்தகைய நிலையங்களுக்கென்றே 'மாடர்ன் ராக் டிராக்ஸ்' என்ற தனித் தரவரிசையைத் தொடங்கியது. முதல் வாரம் முதலிடம் சூக்ஸி அண்ட் தி பன்ஷீஸ் பேண்டுக்கு. தனித் தரவரிசை வந்ததும் பெரிய கம்பெனிகளில் அதற்கென்று தனி ஆட்களும் தனிப் பணமும் வந்தன. ரீப்ளேஸ்மென்ட்ஸ் மூன்று நான்கு வருடம் பிந்தி வந்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கும் என்று எனக்கு இன்றும் ஆதங்கம் உண்டு.

சியாட்டில் மட்டும் எப்படி நடுவுல வந்தது? அது ஒரு மூலையில இருக்கிற ஊராச்சே?

மூலையில் இருந்ததுதான் காரணம். பயணம் போகிற பேண்டுகள் பல சமயம் அவ்வளவு தூரம் மேலே வருவதில்லை. ஊர்ப் பையன்கள் தங்களுக்குள் வாசித்துக்கொண்டார்கள், ஆள் மாறி ஆள் பேண்டு சேர்ந்தார்கள். பங்கும் எழுபதுகளின் ஹெவி மெட்டலும் அங்கே கலந்து ஒரு மந்தமான, அழுக்கான ஒலி பிறந்தது.

அந்த ஒலிக்கு முகவரி கொடுத்தது சப் பாப் கம்பெனி. அதைத் தொடங்கிய புரூஸ் பாவிட், நான் மேலே சொன்ன பச்சைக் கோட்டு நிலையத்தில் நிகழ்ச்சி நடத்தியவர். கூட்டாளி ஜானதன் போன்மேன், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் கே.சி.எம்.யு. நிலையத்தில் நிகழ்ச்சி நடத்தியவர். மட்ஹனி பேண்டின் மார்க் ஆர்மும், கேரளத்திலிருந்து போன பெற்றோரின் மகனான சவுண்ட்கார்டன் கிட்டாரிஸ்ட் கிம் தாயிலும் அதே கே.சி.எம்.யு.வில் பாட்டுப் போட்டவர்கள். வாசித்தவர், வெளியிட்டவர், ஒலிபரப்பியவர் மூவரும் ஒரே அறையில் இருந்தார்கள் என்றால் மிகையில்லை.

சப் பாப்காரர்களுக்கு விற்கவும் தெரியும். 1989-இல் லண்டனின் மெலடி மேக்கர் பத்திரிகை எழுத்தாளர் ஒருவரைத் தங்கள் செலவில் சியாட்டிலுக்கு வரவழைத்தார்கள். அவர் எழுதிய பிறகு இங்கிலாந்தில் அந்த ஊருக்குப் பெயர் வந்தது, அந்தப் பெயர் திரும்ப அமெரிக்காவுக்கு வந்தது.

நிர்வாணா ஒரே பாட்டுல திடீர்னு வந்தாங்கன்னுதானே எல்லாரும் சொல்றாங்க?

இது நான் அதிகம் கேட்ட கேள்வி, அதனால் படிப்படியாகச் சொல்கிறேன். 1988 நவம்பரில் சப் பாப் அவர்களுடைய முதல் சிங்கிளான 'லவ் பஸ்'ஸை வெளியிட்டது. 1,000 பிரதிகள், ஒவ்வொன்றிலும் கையால் எண் எழுதியது. பேண்டின் பாடகர் கர்ட் கோபேனின் வாழ்க்கை வரலாற்றில் ஒரு சம்பவம் வருகிறது. அந்தத் தட்டை கே.சி.எம்.யு.வில் கொடுத்துவிட்டுக் காரில் திரும்பும்போது, பாட்டு வருகிறதா என்று வானொலியைக் கேட்டுக்கொண்டே போகிறார். வரவில்லை. வழியில் நிறுத்தி, பொதுத் தொலைபேசியிலிருந்து நிலையத்துக்குக் கூப்பிட்டு, ரசிகர் மாதிரி அந்தப் பாட்டைத் தானே கேட்கிறார். பிறகு காரிலேயே உட்கார்ந்து, அது ஒலிபரப்பாகும் வரை காத்திருக்கிறார். அந்தக் காட்சியில் இந்த முழு ஏற்பாடும் இருக்கிறது. கொடுத்த தட்டு அன்றே காற்றில் போகும், கூப்பிட்டால் எடுப்பதற்கு ஒரு மனிதர் இருப்பார்.

1989-இல் 'ப்ளீச்' ஆல்பம். ஜாக் எண்டினோவின் சின்ன ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவு செய்தார்கள். செலவு 606 டாலர் 17 சென்ட். அந்தப் பணத்தைக் கொடுத்த ஜேசன் எவர்மேனுக்கு, ஆல்பத்தில் ஒரு கம்பிகூட மீட்டாதபோதும், அட்டையில் கிட்டாரிஸ்ட் என்று இடம் கிடைத்தது. கல்லூரி வானொலியும் கிளப்புகளும் சேர்ந்து அமெரிக்காவில் அந்த ஆல்பத்தை 40,000 பிரதி அளவுக்கு விற்கவைத்தன. இரண்டு ஆண்டு வேனில் சுற்றினார்கள். சோனிக் யூத் பேண்டினர் டி.ஜி.சி. என்ற பெரிய கம்பெனிக் கிளைக்குப் போனபோது, இவர்களையும் எடுக்கச் சொன்னார்கள்.

'நெவர்மைண்ட்' 1991 செப்டம்பர் 24 அன்று வந்தது. அமெரிக்கக் கடைகளுக்கு முதலில் அனுப்பியது 46,251 பிரதிகள். மொத்தமாக இரண்டரை லட்சம் விற்றால் வெற்றி என்று கம்பெனி கணக்குப் போட்டிருந்தது. பாட்டை முதலில் அனுப்பியது கல்லூரி வானொலிக்கும் மாடர்ன் ராக் நிலையங்களுக்கும். வீடியோ முதலில் வந்தது '120 மினிட்ஸ்'இல், நள்ளிரவில். 'ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்' பழைய ரசிகர்களை உசுப்பும், பிறகு வரும் 'கம் ஆஸ் யூ ஆர்' பொதுமக்களைப் பிடிக்கும் என்பதுதான் திட்டம். முதல் பாட்டே எல்லாக் கதவையும் உடைத்துக்கொண்டு போய்விட்டது. ஆல்பம் தரவரிசையில் 144-ஆம் இடத்தில் நுழைந்தது, நவம்பர் தொடக்கத்தில் முதல் 40, நவம்பர் முடிவதற்குள் முதல் 10, 1992 ஜனவரி 11 தேதியிட்ட பட்டியலில் மைக்கேல் ஜாக்சனின் 'டேஞ்சரஸ்' ஆல்பத்தை இறக்கிவிட்டு முதலிடம். கடைசி மூன்றரை மாதம் மின்னல்தான். அதற்கு முந்தைய மூன்று வருடம் அந்த மின்னலுக்குக் கம்பி இழுத்த வேலை.

தரவரிசை கணக்கெடுக்கிற முறையை மாத்தினதாலதான் இவங்க மேல வந்தாங்கன்னு படிச்சேன். உண்மையா?

பாதி உண்மை. 1991 மே வரை பில்போர்டின் ஆல்பம் வரிசை கடைக்காரர்கள் சொல்வதை வைத்துத் தயாரானது. கடையில் யாரோ ஒருவர் ஃபோனில் 'இந்த வாரம் நன்றாகப் போனவை இவை' என்று சொல்வார். தனக்குப் பிடித்ததையும், கம்பெனிக்காரர் இலவசப் பிரதி கொடுத்துக் கேட்டுக்கொண்டதையும் மேலே ஏற்றலாம். ஒரு ராப் ஆல்பமோ மெட்டல் ஆல்பமோ உண்மையில் அதிகம் விற்றிருந்தாலும் கீழே போய்விடும். மே 25 தேதியிட்ட இதழிலிருந்து சவுண்ட்ஸ்கேன் வந்தது. கல்லாவில் பார்கோடைப் படிக்கும்போதே விற்பனை எண்ணப்பட்டது. அடுத்த சில வாரங்களிலேயே ஸ்கிட் ரோ என்ற மெட்டல் பேண்டு, என்.டபிள்யூ.ஏ. என்ற ராப் குழு போன்ற பெயர்கள் முதலிடத்தில் நின்றன.

'நெவர்மைண்ட்' அந்த மாற்றத்துக்கு நான்கு மாதம் கழித்து வந்தது. கிறிஸ்துமஸ் முடிந்த வாரத்தில் பிள்ளைகள் பரிசுப் பணத்தோடு கடைக்குப் போனார்கள். பழைய முறையாக இருந்தால் அந்த ஒரு வாரத் தாவல் அவ்வளவு துல்லியமாகப் பதிவாகியிருக்காது. ஆனால் பார்கோடு விற்பனையை எண்ணியது, உண்டாக்கவில்லை. வாங்கினவர்களை அனுப்பியது பாட்டும் வீடியோவும், முந்தைய கேள்வியில் சொன்ன வழியும்தான்.

அதுக்கப்புறம் பேண்டுக்கெல்லாம் பணம் கொட்டியிருக்குமே?

கொட்டியது, பெரும்பாலும் பேண்டின் மடியில் அல்ல. ஒலிப்பதிவாளர் ஸ்டீவ் அல்பினி 1993-இல் ஒரு கட்டுரையில் இதைக் கணக்குப் போட்டே காட்டினார். ஒரு பேண்டு 2,50,000 டாலர் முன்பணத்துக்குக் கையெழுத்துப் போடுகிறது, ஆல்பம் 2,50,000 பிரதி விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ராயல்டி 3,51,000 டாலர். நல்ல தொகைதான். ஆனால் முன்பணம் கடன் மாதிரி, முதலில் அது கழியும். மீதம் 1,01,000. தயாரிப்பாளரின் பங்கு 40,000, விளம்பரச் செலவு 25,000, பழைய சின்ன கம்பெனியிடமிருந்து பேண்டை விடுவிக்கக் கொடுத்த 50,000 இவையும் பேண்டின் தலையில்தான். கடைசியில் ராயல்டிக் கணக்கு 14,000 டாலர் கடனில் நிற்கிறது.

முன்பணம் எங்கே போனது என்று கேட்பீர்கள். ஒலிப்பதிவு, மேனேஜர், வக்கீல், பயணம் எல்லாம் அதிலிருந்துதான். அவர் கணக்கில் ஒவ்வொரு உறுப்பினர் கையிலும் மிஞ்சியது 4,031 டாலர் 25 சென்ட், கம்பெனிக்கு 7,10,000. இது மாதிரிக் கணக்குதான், ஒரு குறிப்பிட்ட பேண்டின் கணக்கு அல்ல. ஆனாலும் 606 டாலரில் ஆல்பம் முடிந்த உலகத்திலிருந்து, ஒலிப்பதிவுக்கு மட்டும் 1,50,000 ஒதுக்கும் உலகத்துக்கு வந்தால் என்ன ஆகும் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் எழுதவில்லை.

பெரிய கம்பெனிக்குப் போனா 'விலை போயிட்டான்'னு திட்டுவாங்களாமே? இது பொறாமைதானே?

பொறாமை கொஞ்சம் இருக்கலாம், அடிப்படை அது இல்லை. பெர்க்லியில் 924 கில்மன் ஸ்ட்ரீட் என்ற கிளப்பைத் தன்னார்வலர்களே நடத்தினார்கள். பெரிய கம்பெனியோடு ஒப்பந்தம் போட்ட பேண்டுக்கு அங்கே மேடை இல்லை. கிரீன் டே அந்த மேடையில் வளர்ந்த பிள்ளைகள். 1993-இல் பெரிய கம்பெனிக்குப் போனதும் அவர்களுக்கும் கதவு மூடப்பட்டது. அடுத்த ஆண்டு அவர்களுடைய 'டூக்கி' ஆல்பம் லட்சக்கணக்கில் விற்கத் தொடங்கியபோது, வளர்ந்த வீட்டில் அவர்கள் வாசிக்க முடியாத நிலை.

கேட்பதற்குக் கொடுமையாக இருக்கும். கிளப் பக்கம் நின்று பாருங்கள். சம்பளமில்லாமல் கழிவறை கழுவி, கதவில் நின்று, டிக்கெட் விலையைக் குறைவாக வைத்து நடத்துகிற இடம் அது. பெரிய கம்பெனியின் ஆட்கள் வந்து அதை ஆள்பிடிக்கும் சந்தையாக்கினால், அடுத்த பதினாறு வயதுப் பிள்ளைக்கு இடம் இருக்காது. தலைநகர் வாஷிங்டனின் ஃபுகாஸி பேண்டினர் வேறு விதமாகப் பதில் சொன்னார்கள். பெரிய கம்பெனிகள் தேடி வந்தும் போகவில்லை, டிக்கெட்டை ஐந்து டாலர் அளவிலேயே வைத்தார்கள், எல்லா வயதினரையும் உள்ளே விட்டார்கள். குடி வயது 21 ஆன நாட்டில் அந்தக் கடைசி விஷயம் பெரிது. மதுக்கடை கிளப்பில் பல கல்லூரி மாணவர்கள் உள்ளேயே போக முடியாது.

என் மனம் இரண்டு பக்கமும் போகும். கிரீன் டேவைக் குறை சொல்ல என்னால் முடியாது, கில்மனின் விதியையும் தப்பு என்று சொல்ல முடியாது.

ஒரு தொண்ணூறுகள் பேண்டு நிஜமா இந்த வழியில வந்ததா, கம்பெனி தயார் பண்ணதான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

நான் மூன்று விஷயம் பார்ப்பேன். பெரிய ஆல்பத்துக்கு முன்னால் சின்ன கம்பெனியில் சிங்கிள் உண்டா, பேண்டு சேர்ந்ததற்கும் பெரிய ஆல்பத்துக்கும் எத்தனை வருடம், அந்த இடைவெளியில் எங்கே வாசித்தார்கள்.

ஆனால் இந்த அளவுகோல் ஏமாற்றும். பேர்ல் ஜாம் 1990-இல்தான் சேர்ந்தார்கள், 1991-இல் முதல் ஆல்பமான 'டென்'. ஒரே வருடம், நேராகப் பெரிய கம்பெனி. மேலோட்டமாகப் பார்த்தால் தயாரித்த பேண்டு. உள்ளே பார்த்தால் ஜெஃப் ஏமென்ட்டும் ஸ்டோன் கோசார்டும் சப் பாப்பின் ஆரம்ப கால பேண்டான கிரீன் ரிவரில் வாசித்தவர்கள். ஏணியில் ஏறியது ஆட்கள், பேண்டின் பெயர்தான் புதிது. நேர்மாறாக, ஸ்மாஷிங் பம்ப்கின்ஸின் முதல் ஆல்பம் கரோலைன் என்ற கம்பெனியில் வந்தது. பார்க்கச் சுயேச்சைக் கம்பெனி மாதிரி இருக்கும், அதன் சொந்தக்காரர் வர்ஜின். அவர்கள் கிளப்பில் உழைக்கவில்லை என்று இதற்குப் பொருள் இல்லை, சிகாகோவில் நன்றாகவே உழைத்தார்கள். ஆனால் 1991-க்குள் பெரிய கம்பெனிகள் ஏணியின் கீழ்ப்படியைக்கூடத் தாங்களே செய்து வைக்கத் தொடங்கிவிட்டன. அட்டையின் பின்பக்கத்தில் விநியோகம் யார் என்று சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அப்போ இந்த வழி எப்போ அடைபட்டது? கோபேன் இறந்ததோட முடிஞ்சுதா?

1994 ஏப்ரலில் அவர் இறந்தது பெரிய அடி, ஆனால் அதே ஆண்டுதான் கிரீன் டேயும், சுயேச்சைக் கம்பெனியிலேயே இருந்துகொண்டு ஆஃப்ஸ்பிரிங்கும் உச்சத்துக்குப் போனார்கள். வழி அடைபட்டது வானொலியில். 1992 வாக்கில் சிகாகோவின் க்யூ101, அட்லாண்டாவின் 99எக்ஸ் என்று வணிக நிலையங்கள் ஒவ்வொன்றாக ஆல்டர்நேட்டிவுக்கு மாறின. முதலில் எங்களைப் போன்றவர்களுக்குக் கொண்டாட்டமாகத் தெரியும் செய்தி இது. கொஞ்ச நாளில் அங்கேயும் குறுகிய பட்டியல் வந்தது. மூன்றாவது கேள்வியில் சொன்ன அதே ஆலோசகர், அதே பயம், பாட்டுகள் மட்டும் வேறு. முன்பு ஆல்டர்நேட்டிவ் என்பது வழியின் பெயர் என்றேனே, இப்போது அது ஒலியின் பெயராகிவிட்டது. வேண்டிய ஒலியைப் பெரிய கம்பெனி நேராகவே செய்து அனுப்பலாம், கல்லூரி வானொலியிடம் போகத் தேவையில்லை.

1996-இல் வந்த தொலைத்தொடர்புச் சட்டம் தாழ்ப்பாளும் போட்டது. அதுவரை ஒரு கம்பெனி நாடு முழுவதும் சேர்த்து 20 எஃப்.எம். நிலையங்கள் வரைதான் வைத்திருக்கலாம். அந்த வரம்பு நீங்கியது. சில ஆண்டுகளில் ஒரே கம்பெனி ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிலையங்களை வாங்கியது. ஊருக்கு ஒரு ரசனை என்பது போய், ஓர் அலுவலகத்தில் எடுத்த முடிவு நாடு முழுக்க ஒலித்தது. உள்ளூர் பேண்டின் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போனால் வாங்கிப் போட அதிகாரமுள்ள ஆள் அந்த ஊரில் இல்லை.

அந்த காலேஜ் ஸ்டேஷன் எல்லாம் இப்போ இருக்கா? இங்கேயிருந்து கேட்க முடியுமா?

நிறைய இருக்கின்றன, சில கல்லூரிகள் உரிமத்தை விற்றும்விட்டன. ஒலிம்பியாவின் கே.ஏ.ஓ.எஸ். இன்னும் ஒலிபரப்புகிறது. கோபேன் தட்டைக் கொடுத்த கே.சி.எம்.யு. 2001-இல் KEXP என்று பெயர் மாறியது. அலைவரிசை அதே 90.3 தான். 1972-இல் 10 வாட்டில் தொடங்கிய நிலையம் அது. இப்போது இணையத்தில் நேரலையாக எந்த ஊரிலிருந்தும் கேட்கலாம். சியாட்டிலில் காலை நிகழ்ச்சி ஓடும்போது நமக்கு இரவு. ராத்திரி சாப்பாடு முடிந்ததும் போட்டுக் கேளுங்கள். அடுத்து என்ன பாட்டு என்பதை இன்றும் அங்கே மைக் முன்னால் உட்கார்ந்திருப்பவர்தான் தீர்மானிக்கிறார்.